அமெரிக்கச் சந்தை திறக்குமுன் இரவு பியூச்சர்ஸைப் படிப்பது எப்படி: திருகோணமலை நேரத்தில் ஒரு வழிகாட்டி

நியூயோர்க் பங்குச் சந்தை திறக்கும்போது திருகோணமலையில் இரவு ஏழு மணி அல்லது எட்டு மணி. பகல் வேலை முடிந்து வீடு வந்து, தேநீர் குடித்து, ஆறுதலாக உட்காரும் நேரம். அமெரிக்கப் பங்குகளைப் பின்தொடரும் நம் ஆட்களுக்கு இது வசதியான நேரம்தான். ஆனால் "சந்தை திறக்குமுன் பியூச்சர்ஸைப் பாருங்கள்" என்று சொல்லும் வழிகாட்டிகள் எல்லாம் நியூயோர்க் காலையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. பியூச்சர்ஸ் என்பது ஒரு பங்குச் சுட்டெண்ணுக்குப் பின்னொரு நாளைக்கென்று இன்றே விலை பேசும் ஒப்பந்தம், பங்குச் சந்தை மூடியிருக்கும் நேரத்திலும் அது வியாபாரமாகும். எந்த விலையோடு எதை ஒப்பிடுவது, நம் கடிகாரத்தில் எப்போது பார்ப்பது, பார்த்ததை நம் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பங்குக்கும் எப்படி மாற்றுவது என்று அவற்றில் தேடித் தேடிச் சலித்துப்போன பிறகு எழுதும் குறிப்பு இது.

தினமும் ஒரே ஒழுங்கில் பத்துப் பதினைந்து பங்குகளைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் "இந்த விலையைத் தொட்டால் எனக்குச் சொல்" என்று அலேர்ட் வைத்திருப்பவருக்காகவே எழுதுகிறேன். பியூச்சர்ஸ் அவருக்குச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: அந்தப் பங்குகள் ஏறக்குறைய எந்த விலையில் நாளைத் தொடங்கும் என்பது. நாள் எப்படி முடியும் என்பதை அது சொல்லாது. இந்த வித்தியாசத்தை மறந்தால் கீழே உள்ள எந்தக் கணக்கும் உதவாது.

1. முதலில் கடிகாரத்தைச் சரி செய்யுங்கள்

அமெரிக்காவில் மார்ச் மாத இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் மாத முதல் ஞாயிறு வரை கோடை நேரம். அந்த மாதங்களில் நம் நேரம் இப்படி அமையும். அதிகாலை 1:30க்குப் பங்குச் சந்தை மூடுகிறது. பியூச்சர்ஸ் இன்னும் ஒரு மணி நேரம் ஓடி, 2:30க்கு நின்று, 3:30க்கு மீண்டும் தொடங்குகிறது. பகல் 12:30க்கு லண்டன் திறக்கிறது. 1:30க்கு அமெரிக்கப் பங்குகளின் முன்சந்தை வியாபாரம் ஆரம்பம். மாலை 6:00க்குப் பெரும்பாலான பொருளாதாரத் தரவுகள் வரும். 7:00க்குச் சந்தை திறக்கும்.

நவம்பரிலிருந்து மார்ச் வரை எல்லாவற்றுக்கும் ஒரு மணி கூட்டிக்கொள்ளுங்கள். லண்டனும் தன் கடிகாரத்தை மாற்றுவதால் அதுவும் 1:30 ஆகிவிடும். ஆனால் அங்கே மாறும் நாள் வேறு, ஆகவே மார்ச்சிலும் ஒக்டோபர் கடைசியிலும் சில நாட்கள் கணக்கு இசகுபிசகாக இருக்கும். கைப்பேசியின் உலகக் கடிகாரத்தில் நியூயோர்க்கைச் சேர்த்துவிட்டால் இந்தத் தலையிடி இல்லை.

இன்னொரு விஷயம். நம்மூரில் வாடைக்காற்று மழை கொட்டும் மாதங்களும் இந்த எட்டு மணிக் காலமும் ஒன்றாக வருகின்றன. கரண்ட் போவதும் இன்டர்நெட் படுப்பதும் அப்போதுதான் அதிகம். ரவுட்டருக்கு ஒரு சின்ன யூ.பி.எஸ். வாங்கி வையுங்கள், அல்லது கைப்பேசியில் டேட்டா மிச்சம் வையுங்கள். இந்த வேலைக்கு அதைவிடப் பெரிய செலவு தேவைப்படாது.

திங்கட்கிழமைக் கணக்கும் சிலரைக் குழப்பும். நமக்குச் சனி அதிகாலையில் மூடிய சந்தையின் விலைதான் திங்கள் மாலை வரை அடிப்படை. பியூச்சர்ஸ் திங்கள் அதிகாலையில் (கோடையில் 3:30) தொடங்கும்போது வார இறுதிச் செய்திகள் எல்லாம் ஒரேயடியாக விலையில் ஏறும். அந்த முதல் அரை மணி அசைவைப் பெரிதாக எடுக்காதீர்கள்.

2. எதைப் பார்ப்பது, எவ்வளவு செலவு

நான்கு ஒப்பந்தங்கள் போதும். எஸ் அண்ட் பி 500க்கு ES, நாஸ்டாக் 100க்கு NQ, டௌ ஜோன்ஸுக்கு YM, சிறு நிறுவனங்களின் ரஸல் 2000க்கு RTY. யாஹூ ஃபைனான்ஸில் இவற்றை `ES=F`, `NQ=F`, `YM=F`, `RTY=F` என்று தட்டச்சு செய்து இலவசமாகப் பார்க்கலாம். அங்கே விலை பத்து நிமிடம் பின்தங்கியிருக்கும். மாலை ஐந்தரைக்குப் பார்ப்பதற்கு அது போதும், திறக்குமுன் கடைசிப் பதினைந்து நிமிடத்துக்குப் போதாது.

அந்தக் கடைசி நேரத்துக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. SPY என்பது எஸ் அண்ட் பி 500ஐப் பின்தொடரும் நிதி, QQQ நாஸ்டாக் 100ஐப் பின்தொடர்வது. இரண்டும் பங்குகள் போலவே முன்சந்தையில் விற்கப்படுகின்றன. பல தளங்கள் அவற்றின் முன்சந்தை விலையை உடனுக்குடன் இலவசமாகக் காட்டுகின்றன. அவற்றின் சதவீத மாற்றமும் பியூச்சர்ஸின் சதவீத மாற்றமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே போகும்.

பியூச்சர்ஸின் உடனடி விலையே வேண்டும் என்றால் தரகரிடமோ வரைபடத் தளத்திடமோ மாதக் கட்டணம் கட்டித் தரவு வாங்க வேண்டும். அப்போது ஒரு படிவம் வரும்: நீங்கள் தொழில்முறையாளரா, இல்லையா என்று கேட்கும். சொந்தப் பார்வைக்கு மட்டும் என்றால் கட்டணம் சில டொலர்தான். நிதி நிறுவனத்தில் வேலை செய்தாலோ மற்றவர்கள் பணத்துக்காகப் பார்த்தாலோ தொழில்முறைக் கட்டணம் வரும், அது பல மடங்கு. பொய்யாக நிரப்பாதீர்கள். வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு அனுமதி உள்ள வங்கி அட்டையும் வேண்டும். சில அட்டைகளில் அந்த வசதியை வங்கியிடம் சொல்லித் திறக்க வேண்டியிருக்கும், முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

தரகர் கணக்கே திறப்பதாக இருந்தால் பெயரைக் கவனியுங்கள். அடையாள அட்டையில் தகப்பன் பெயர் முழுதாகவும் வங்கிக் கூற்றில் முதலெழுத்தாகவும் இருப்பது நம்மவர்களுக்குச் சாதாரணம். வெளிநாட்டுத் தரகரின் கணினிக்கு அவர்கள் இரண்டு வெவ்வேறு ஆட்கள். கடவுச்சீட்டில் உள்ள மாதிரியே பெயரும் ஆங்கிலத்தில் முகவரியும் வரும் வங்கிக் கூற்று ஒன்றை முன்கூட்டியே எடுத்து வைத்தால் அலைச்சல் குறையும். இலங்கையிலிருந்து முதலீட்டுக்குப் பணம் வெளியே அனுப்புவது 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ் வருவது. அதன் கட்டளைகள் அவ்வப்போது மாறுபவை, அதனால் ஒரு ரூபாயும் அனுப்புமுன் வங்கியின் வெளிநாட்டுப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள். பியூச்சர்ஸைப் படிக்க மட்டும் கணக்கே தேவையில்லை. சில மாதம் பேப்பரில் பழகிவிட்டு அப்புறம் யோசிக்கலாம்.

3. சரியான அடிப்படை விலையோடு ஒப்பிடுங்கள்

புதியவர்கள் அதிகம் வழுக்கும் இடம் இது, ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். எண்கள் எல்லாம் உதாரணத்துக்காக நான் வைத்தவை.

நேற்று எஸ் அண்ட் பி 500 சுட்டெண் 6,000இல் மூடியது என்று வையுங்கள். இன்று மாலை ஐந்தரைக்கு ES 5,994 காட்டுகிறது. "ஆறு புள்ளிதானே குறைவு, 0.1 சதவீதம், பரவாயில்லை" என்று தோன்றும். அது தவறு.

பியூச்சர்ஸ் விலையும் சுட்டெண்ணும் ஒன்றல்ல. இன்று பணம் கொடுத்து ஐந்நூறு பங்குகளையும் வாங்கி வைத்திருப்பவர் அந்தப் பணத்துக்கான வட்டியை இழக்கிறார், பங்கிலாபம் பெறுகிறார். பியூச்சர்ஸ் வாங்கியவர் முழுப் பணமும் கட்டவில்லை, பங்கிலாபமும் பெறுவதில்லை. அந்த வித்தியாசம் விலையில் ஏறிவிடுகிறது. வட்டி ஆண்டுக்கு 4.3 சதவீதம், பங்கிலாபம் 1.3 சதவீதம், ஒப்பந்தம் முடிய 61 நாள் என்றால்:

```
6000 × (0.043 − 0.013) × 61 / 365 ≈ 30
```

ஆக, சந்தை கொஞ்சமும் அசையாவிட்டாலும் ES சுட்டெண்ணுக்கு 30 புள்ளி மேலே நிற்க வேண்டும். நேற்றுச் சந்தை மூடும் நேரத்தில் ES 6,030இல் இருந்திருக்கும். இன்று 5,994 என்றால் குறைந்தது 36 புள்ளி, அதாவது 0.6 சதவீதம். "பரவாயில்லை" என்று நினைத்த மாலை உண்மையில் நல்ல கேப் டவுனுக்கு, அதாவது நேற்று மூடிய விலைக்குக் கீழே தாவித் திறப்பதற்கு, தயாராகிக்கொண்டிருக்கிறது.

இந்த வட்டிக் கணக்கைத் தினமும் போடத் தேவையில்லை. பியூச்சர்ஸை பியூச்சர்ஸோடு மட்டும் ஒப்பிட்டால் போதும். அடிப்படையாக எடுக்க வேண்டியது முந்தைய நாளின் செட்டில்மென்ட் விலை. ES-க்கு அது நியூயோர்க் மாலை நான்கு மணிக்கு முந்தைய 30 விநாடி வியாபாரத்தின் சராசரி. பங்குச் சந்தை மூடுவதும் நான்கு மணிக்கே என்பதால் இரண்டும் பொருந்துகின்றன. நான்கு மணிக்குப் பிறகு வரும் நிறுவன முடிவுகளின் பாதிப்பும் இந்த மாற்றத்துக்குள் அடங்கிவிடும்.

அடிப்படை மாறிப்போகும் இடங்கள் மூன்றைக் கவனியுங்கள்.

சில செயலிகளில் "US500" என்று ஒன்று இருக்கும். அது பெரும்பாலும் அந்தத் தரகரே விலை போடும் சி.எஃப்.டி., அதாவது எதையும் வாங்காமல் விலை வித்தியாசத்தை மட்டும் தீர்க்கும் ஒப்பந்தம். அதன் சதவீத மாற்றம் எந்த நேரத்திலிருந்து எண்ணப்படுகிறது என்பது செயலிக்குச் செயலி மாறும். வாட்ஸ்அப் குழுவில் யாரோ அனுப்பும் சிவப்பு ஸ்கிரீன்ஷொட்டும் அதேபோல: அடிப்படை தெரியாத சதவீதம் எதற்கும் உதவாது.

அடுத்தது ஒப்பந்தம் மாறும் வாரம். ES மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களின் மூன்றாம் வெள்ளியில் முடிகிறது. திரையில் அவற்றின் எழுத்துகள் H, M, U, Z. அதற்கு முந்தைய நாட்களில் வியாபாரம் அடுத்த ஒப்பந்தத்துக்கு நகரும். தொடர் வரைபடத்தில் பழைய ஒப்பந்தத்தின் விலைக்குப் பக்கத்தில் புதியதின் விலை ஒட்டப்பட்டால், சந்தையில் நடக்காத ஒரு தாவல் தெரியும். அந்த வாரத்தில் ஒப்பந்த எழுத்தைச் சரிபாருங்கள், அல்லது SPY முன்சந்தையை மட்டும் நம்புங்கள்.

மூன்றாவது, SPY-யின் அடுத்த நாள் கேப்பைச் சரிபார்க்கும்போது எஸ் அண்ட் பி சுட்டெண்ணின் "ஓப்பன்" எண்ணை எடுக்காதீர்கள். சந்தை திறந்த கணத்தில் ஐந்நூறு பங்குகளும் ஒரே நேரத்தில் வியாபாரமாவதில்லை. இன்னும் திறக்காத பங்குகளுக்கு நேற்றைய விலையே கணக்கில் போகும். அதனால் அந்த எண் நேற்றைய மூடும் விலைக்கு அருகில் ஒட்டிக்கொண்டு நிற்கும், கேப் சின்னதாகத் தெரியும். SPY-யின் ஓப்பன் விலையில் அந்தச் சிக்கல் இல்லை.

4. ஒவ்வொரு பங்குக்கும் ஒரு சரிவு எண் எடுங்கள்

சந்தை 0.6 சதவீதம் கீழே திறக்கும் என்றால் பட்டியலில் உள்ள எல்லாப் பங்கும் 0.6 சதவீதம் கீழே திறக்காது. சிப் கம்பெனி இரண்டு மடங்கு விழலாம், குளிர்பானக் கம்பெனி அசையாமல் நிற்கலாம். பங்கு சந்தையோடு எவ்வளவு அசையும் என்று காட்ட இணையத்தில் கிடைக்கும் "பீட்டா" எண் இதற்குச் சரிவராது. அது பெரும்பாலும் சில ஆண்டுகளின் மாதாந்த விலைகளில் கணக்கிடப்பட்டது. நமக்கு வேண்டியது இரவுக் கேப்புக்கான எண். அதை நாமே எடுக்கலாம், கூகுள் ஷீட்ஸில் பத்து நிமிட வேலை.

ஒரு புதிய தாளில் A1 கட்டத்தில் SPY-யையும், I1 கட்டத்தில் உங்கள் பங்கையும் அழையுங்கள். இங்கே உதாரணத்துக்கு ஆப்பிள்:

```
A1: =GOOGLEFINANCE("NYSEARCA:SPY","all",TODAY()-120,TODAY(),"DAILY")
I1: =GOOGLEFINANCE("NASDAQ:AAPL","all",TODAY()-120,TODAY(),"DAILY")
G3: =B3/E2-1
O3: =J3/M2-1
```

G, O நிரல்களைக் கீழே வரை இழுங்கள். இன்றைய ஓப்பனை நேற்றைய மூடும் விலையால் வகுத்து ஒன்றைக் கழித்தால் கேப். அப்புறம் இரண்டு எண்கள்:

```
=SLOPE(O3:O62,G3:G62)
=STEYX(O3:O62,G3:G62)
```

முதலாவது சரிவு எண்: சந்தை ஒரு சதவீதம் கேப் ஆனால் இந்தப் பங்கு சராசரியாக எத்தனை சதவீதம் கேப் ஆகிறது. இரண்டாவது அந்தக் கணிப்பு வழக்கமாக எவ்வளவு தவறும் என்பதன் அளவு. இதைத்தான் பலர் எடுப்பதில்லை, எனக்கோ இதுதான் முதலாவதைவிட முக்கியமாகப் படுகிறது. சரிவு எண் 1.4, தவறு 0.9 சதவீதம் என்றால், சந்தை 0.2 சதவீதம் அசையும் நாளில் அந்தப் பங்கைப் பற்றிப் பியூச்சர்ஸ் உங்களுக்கு ஒன்றுமே சொல்லவில்லை என்று அர்த்தம்.

காலாண்டு முடிவால் கேப் ஆன நாட்களின் G, O கட்டங்களை வெறுமையாக்கி, அவற்றை இந்த அறுபதிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒரே ஒரு 10 சதவீதக் கேப் முழுக் கணக்கையும் சாய்த்துவிடும். தொழில்நுட்பப் பங்குகளுக்கு SPY-க்குப் பதில் `NASDAQ:QQQ` வைத்து, மாலையில் NQ-வோடு பெருக்குங்கள். மாதத்துக்கு ஒரு தடவை எண்களைப் புதுப்பித்தால் போதும்.

5. ஒரு மாலை முழுக்க: கணக்கோடு

கோடை நேரம், அமெரிக்கப் பணவீக்கத் தரவு வரும் நாள் என்று வைத்துக்கொள்வோம். பட்டியலில் நான்கு பங்குகள்.

மாலை 5:30. ES 6,030லிருந்து 5,994, மைனஸ் 0.6. NQ 22,000லிருந்து 21,780, மைனஸ் 1.0. RTY மைனஸ் 0.2, YM மைனஸ் 0.2. நான்கையும் சேர்த்துப் பார்ப்பதன் பயன் இங்கேதான். வீழ்ச்சி எல்லா இடத்திலும் இல்லை, தொழில்நுட்பத்தில் குவிந்திருக்கிறது. ES-ஐ மட்டும் பார்த்தவர் வங்கிப் பங்குக்கும் தேவைக்கு அதிகமாகப் பயப்படுவார்.

சிப் கம்பெனி: நேற்று 150 டொலரில் மூடியது. NQ-வுக்குச் சரிவு எண் 1.4, தவறு 0.9 சதவீதம். எதிர்பார்ப்பு மைனஸ் 1.4 சதவீதம், அதாவது 147.90. தவறின் அளவு 1.35 டொலர், ஆகவே வீச்சு 146.55 முதல் 149.25 வரை. உங்கள் அலேர்ட் 148.00இல் இருக்கிறது: "148க்குக் கீழே போனால் பார்". சந்தை திறந்த கணத்திலேயே அது அடிக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. பகல் வியாபாரத்தில் மெதுவாக 148ஐ உடைப்பதும், கேப்பில் அதற்குக் கீழே பிறப்பதும் வேறு வேறு நிகழ்வுகள். அந்த அலேர்ட்டை முதல் அரை மணிக்கு அணைத்துவையுங்கள்.

வங்கி: 80 டொலர், SPY-க்குச் சரிவு 0.9, தவறு 0.5 சதவீதம். கணக்கு மைனஸ் 0.54 சதவீதம், 79.57 என்று தருகிறது. ஆனால் வீழ்ச்சி தொழில்நுட்பத்தில் இருப்பதால் வீச்சின் மேல்பாதியை, 79.57 முதல் 79.97 வரை, எதிர்பார்ப்பதே நியாயம். இது கணக்கல்ல, என் கைப்பழக்கம்.

குளிர்பானக் கம்பெனி: 60 டொலர், சரிவு 0.3, தவறு 0.3 சதவீதம். எதிர்பார்ப்பு 59.89. இன்று அதைத் தொட வேண்டாம்.

மென்பொருள் கம்பெனி: 200 டொலரில் மூடி, இரவு காலாண்டு முடிவு வெளியிட்டது, முன்சந்தையில் 186. இதற்குச் சரிவு எண் செல்லாது. முன்சந்தை விலையையே எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

இப்போது மாலை 6:00. பணவீக்கத் தரவு வருகிறது, எதிர்பார்த்ததைவிடக் குறைவு. பியூச்சர்ஸ் சில விநாடிகளில் தாவும், திரும்பும், மறுபடி தாவும். அந்த முதல் நிமிடங்களில் எதையும் எழுதாதீர்கள். இலவசத் தளத்தில் பார்ப்பவருக்கு 6:10 வரை பழைய விலைதான் தெரியும், அதை மறந்து "சந்தை அசையவே இல்லையே" என்று நினைப்பது சுலபம். 6:20 போலப் பாருங்கள்: ES 6,042, பிளஸ் 0.2. NQ 22,066, பிளஸ் 0.3.

சிப் கம்பெனியின் எதிர்பார்ப்பு இப்போது பிளஸ் 0.42 சதவீதம், 150.63. வீச்சு 149.28 முதல் 151.98. ஐம்பது நிமிடம் முன் சாகக் கிடந்த 148 அலேர்ட் இப்போது செல்லுபடியாகும், திரும்பப் போடுங்கள். வங்கி 80.14. ஐந்தரைத் தாளைக் கிழித்துப் போட்டுவிடலாம்.

பணவீக்கம், வேலைவாய்ப்பு அறிக்கை போன்றவை வரும் நாட்களில் ஆறு மணிக்கு முன் எடுத்த வாசிப்புக்கு ஆயுள் குறைவு. அந்த நாட்களை மாதத் தொடக்கத்திலேயே நாட்காட்டியில் குறித்துவிட்டு, ஐந்தரை வாசிப்பை விட்டுவிடுங்கள். மற்ற நாட்களில் ஐந்தரைக்கு ஒன்று, 6:45க்கு ஒன்று. அதற்கு மேல் பார்ப்பது வெறும் பதற்றம்.

6. முன்சந்தை விலை இருக்க, பியூச்சர்ஸ் எதற்கு?

உப்புவெளியில் ஒரு ஹோட்டலில் கணக்குப் பார்க்கும் நண்பர் இதைத்தான் கேட்டார்: "அண்ணை, பங்கின்ரை முன்சந்தை விலையே திரையிலை கிடக்கு. பிறகேன் இந்தப் பெருக்கல் எல்லாம்?"

பெரிய, அதிகம் வியாபாரமாகும் பங்குகளுக்கு அவர் சொல்வது சரி. மாலை ஆறரைக்கு மேல் அவற்றின் முன்சந்தை விலை நம் கணக்கைவிட நல்ல மதிப்பீடு. ஆனால் நடுத்தரப் பங்குகளில் முன்சந்தையில் நூறு, இருநூறு பங்குகள்தான் கைமாறியிருக்கும். திரையில் தெரியும் "கடைசி விலை" இரண்டு மணி நேரம் பழையதாக இருக்கலாம். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே ஒரு டொலர் இடைவெளி இருக்கும். அங்கே பியூச்சர்ஸ் கணக்குத்தான் நம்பத்தக்கது. விலையின் பக்கத்தில் உள்ள நேரத்தையும் எண்ணிக்கையையும் பார்க்காமல் முன்சந்தை விலையை எழுதாதீர்கள்.

பெரிய பங்குகளிலும் ஒரு பயன் உண்டு, எனக்கு இதுதான் முதன்மையான பயன். முன்சந்தை மாற்றத்திலிருந்து, சரிவு எண்ணைப் பியூச்சர்ஸ் மாற்றத்தால் பெருக்கி வருவதைக் கழியுங்கள். மிச்சம் அந்தப் பங்கின் சொந்தக் கதை. சிப் கம்பெனி முன்சந்தையில் மைனஸ் 3.5, கணக்கு மைனஸ் 1.4 என்றால் மிச்சம் மைனஸ் 2.1. வழக்கமான தவறு 0.9. அதன் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது, ஆகவே சந்தை விழுந்ததால் மட்டும் இது விழவில்லை. தரகு நிறுவனம் தரத்தைக் குறைத்ததா, போட்டிக் கம்பெனியின் முடிவா, பங்கிலாபம் கழிந்த நாளா என்று தேடுங்கள். காரணம் கிடைக்கும் வரை அந்தப் பங்கைப் பட்டியலின் தனி மூலையில் வையுங்கள்.

7. பியூச்சர்ஸ் பொய் சொல்லும் நேரங்கள்

நம் காலை நேரத்து வீழ்ச்சியைக் கண்டு காலையிலேயே அலேர்ட்களை மாற்றுவது வீண் வேலை. லண்டன் திறக்கும் வரை வியாபாரம் மெலிவு. 2016 நவம்பர் 9, அமெரிக்கத் தேர்தல் முடிவு வந்துகொண்டிருந்தது நமக்குக் காலை நேரம். எஸ் அண்ட் பி பியூச்சர்ஸ் அன்றைய எல்லையான 5 சதவீதம் வரை விழுந்தது. இரவு எட்டு மணிக்குச் சந்தை திறக்குமுன் வீழ்ச்சியில் பெரும்பகுதி மறைந்துவிட்டது. அன்று சுட்டெண் ஒரு சதவீதத்துக்கு மேல் ஏறி மூடியது. காலையில் பார்த்ததை வைத்துப் பட்டியலை மாற்றியவரின் தாளில் அன்று ஒரு வரிகூடச் சரியாக இருந்திருக்காது.

அந்த எல்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டியது. சந்தை மூடியிருக்கும் நேரத்தில் பியூச்சர்ஸ் குறிப்பிட்ட சதவீதத்துக்கு மேல் அசைய விடமாட்டார்கள். முன்பு 5 சதவீதம், 2020 ஒக்டோபரிலிருந்து 7 சதவீதம். எல்லையைத் தொட்டதும் விலை அங்கேயே உறைந்து நிற்கும். 2020 மார்ச் 9 அன்று பியூச்சர்ஸ் மைனஸ் 5 இல் நின்றது. சந்தை திறந்த சில நிமிடங்களில் 7 சதவீத வீழ்ச்சியில் வியாபாரமே நிறுத்தப்பட்டது. உறைந்த விலையை வைத்துக் கணக்குப் போட்டால் குறைத்து மதிப்பிடுவீர்கள். அப்படிப்பட்ட நாளில் SPY-யின் முன்சந்தை விலையைப் பாருங்கள், அதற்கு அந்த எல்லை இல்லை.

அமெரிக்க விடுமுறை நாட்களிலும் பியூச்சர்ஸ் அரைகுறையாக ஓடும், திரையில் எண் மினுங்கும், ஆனால் இரவு பங்குச் சந்தை திறக்காது. நவம்பர் நான்காம் வியாழன், ஜூலை 4 போன்றவற்றைக் குறித்து வையுங்கள்.

8. எழுதி வையுங்கள்

ஒரு தாளில் ஐந்து நிரல்கள்: பங்கு, எதிர்பார்த்த ஓப்பன், வீச்சு, உண்மையான ஓப்பன், வித்தியாசம். உண்மையான ஓப்பனை ஏழு மணி அடித்த உடனே எழுதாதீர்கள். நியூயோர்க் பங்குச் சந்தையில் பட்டியலான சில பங்குகள் முதல் வியாபாரத்துக்குச் சில நிமிடம் எடுக்கும், கேப் பெரிதாக இருந்தால் இன்னும் தாமதிக்கும். ஏழேகாலுக்கு எழுதுங்கள்.

இரண்டு மாதம் சேர்ந்ததும் எண்ணிப் பாருங்கள். மூன்றில் இரண்டு பங்கு நாட்கள் வீச்சுக்குள் விழுந்திருந்தால் கணக்கு ஒழுங்காக வேலை செய்கிறது. பாதிக்கும் குறைவென்றால் சரிவு எண் பழசாகிவிட்டது, அல்லது தவறான சுட்டெண்ணோடு பெருக்குகிறீர்கள். ஒரு பங்கு எப்போதும் ஒரே பக்கமாகத் தவறினால் முதலில் பார்க்க வேண்டியது அடிப்படை விலையை. செட்டில்மென்ட்டுக்குப் பதில் சுட்டெண்ணின் மூடும் விலையை எடுத்திருப்பீர்கள். எல்லா நாளும் வீச்சுக்குள்ளேயே விழுந்தாலும் சந்தோஷப்படாதீர்கள். முடிவு நாள் ஒன்றை நீக்க மறந்து தவறின் அளவு ஊதிப் போயிருக்கும், அந்த வீச்சு எதையும் வடிகட்டாது. அந்த நாளின் G, O கட்டங்களை வெறுமையாக்கிவிட்டு `STEYX` எண்ணை மறுபடி எடுங்கள்.